பொட்டு பெரிதா, நெற்றி சிறிதா?

அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும். அவளே செல்போனைக் கையில் நீட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தாள். அதை எனக்கு அனுப்பிய அடுத்த நிமிஷமே அக்கா போன் செய்தாள். "ஏண்டா, பொட்டு மூஞ்சியவே அடைச்சுக்கிட்டு நிக்குது பாரு. சின்னதா வச்சு எடுக்கச் சொல்லட்டுமா?"

ஸ்டூடியோவில் பல வருஷம் உட்கார்ந்தவனுக்கு இது பழகிய புகார். படத்தில் பொட்டு பெரிதாகத் தெரிகிறது என்றால் எல்லோரும் பொட்டைத்தான் மாற்றுவார்கள். பாதி நேரம் குற்றம் பொட்டின் மேல் இருக்காது. அதனால் நான் முதலில் செய்வது, படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஓர் அடிக்கோலை எடுப்பது.

படத்தில் இருக்கும் பொட்டின் நிஜ அளவை எப்படி அளப்பது? அதற்கான அளவுகோல் முகத்திலேயே இருக்கிறது. கண்ணில் கருப்பாகவோ பழுப்பாகவோ தெரியும் வட்டத்தின் குறுக்களவு, வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய 11.5 முதல் 12 மி.மீ. வரைதான். முகம் பெரிதானாலும் சிறிதானாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. மேலும் கீழும் இமை மறைக்கும் என்பதால் இடவலமாகத்தான் அளக்க வேண்டும். கலர் லென்ஸ் போட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்பக்கூடாது, சில லென்ஸ்கள் வட்டத்தைப் பெரிதாகக் காட்டும்.

அச்சில் கருவிழி 7 மி.மீ. இருந்தது. பொட்டு 6 மி.மீ. அப்படியானால் நிஜப் பொட்டு சுமார் 10 மி.மீ. கடையில் வாங்கும் ஸ்டிக்கர் பொட்டில் இது நடுத்தரத்துக்குச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அடுத்து நெற்றியின் அகலம். தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. நெற்றியின் இரு ஓரத்துக்கும் பொட்டு என்றுதான் பெயர், 'பொட்டில் அடித்தாற்போல்' என்கிறோமே, அந்தப் பொட்டு. இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டு வரை, முடி தொடங்கும் இடங்களுக்கு நடுவே அளந்தேன். அச்சில் 61 மி.மீ. அதாவது வைத்த பொட்டு நெற்றி அகலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

"நேர்ல பாத்தா அவ நெத்தி இவ்வளவு குறுகலா இருக்காதே" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அக்கா. அவள் சொன்னது வேறு.

நெற்றி ஒரு தட்டையான பலகை இல்லை. பொட்டு ஒட்டும் புருவ மத்தி முன்னால் இருக்கிறது. நெற்றியின் இரு ஓரமும் வளைந்து 5, 6 செ.மீ. பின்னால் போகின்றன. கையை நீட்டி எடுக்கும்போது காமிராவுக்கும் பொட்டுக்கும் 35 செ.மீ. இருந்தால், ஓரங்களுக்கு 41 செ.மீ. ஆகிவிடும். கிட்டே இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் விழும் என்பதால் பொட்டு அப்படியே இருக்க, நெற்றி ஏழில் ஒரு பங்கு சுருங்கிப் போகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதே 6 செ.மீ. ஒரு பொருட்டே ஆகாது.

அன்று மாலை அவளைச் சுவரோரம் நிற்கவைத்து ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்தேன். பொட்டை மாற்றவில்லை. கருவிழி அதே 7 மி.மீ. வரும்படி அச்சிட்டேன். பொட்டு 6 மி.மீ.தான். நெற்றி 69 மி.மீ. ஆகியிருந்தது.

உயரத்திலும் அவள் படம் ஏமாற்றியிருந்தது. செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் நெற்றி ஏறும், தாடை இறங்கிச் சிறுக்கும். வட்ட முகம்கூட முக்கோணமாகத் தெரியும். பொட்டும் கீழே வழுக்கி மூக்கின் மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் காதைப் பார்த்தால் போதும். நேராக எடுத்த படத்தில் காதின் மேல்முனை சுமாராகப் புருவ மட்டத்தில் இருக்கும். புருவத்தைத் தாண்டிக் காது மேலே ஏறியிருந்தால் காமிரா உயரத்தில் இருந்தது, அல்லது முகம் குனிந்திருந்தது. ஒரு காது முழுசாகவும் மற்றது அரைகுறையாகவும் தெரிந்தால் முகம் திரும்பியிருக்கிறது. அந்தப் படத்தை வைத்துப் பொட்டு கோணல் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அழகுநிலையச் சுவர்களில் வட்ட முகத்துக்கு நீளப் பொட்டு, நீள முகத்துக்கு வட்டப் பொட்டு, சதுர முகத்துக்கு இன்னொன்று என்று ஒட்டி வைத்திருப்பார்கள். முதல் இரண்டும் கண்ணுக்கு ஒத்துவருவதுதான். நீளத் திலகம் பார்வையை மேலே இழுத்துச் செல்லும், ஏற்கெனவே நீண்ட முகத்தை இன்னும் நீட்டும். ஆனால் முகத்தின் வடிவம் தீர்மானிப்பதைவிட, இரண்டு புருவத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் பொட்டின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். கண், பொட்டை நெற்றியோடு ஒப்பிடுவதற்கு முன்பே அதன் இரு பக்கமும் மிஞ்சும் வெற்றிடத்தோடு ஒப்பிட்டுவிடுகிறது. உஷா உதுப் வைக்கும் பெரிய பொட்டை இந்தக் கணக்கில் அடக்க முடியாது, அது அவருக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது.

மருமகளின் புது அச்சில் புருவ இடைவெளியை அளந்தபோதுதான் அக்கா சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது தெரிந்தது. அங்கே 12 மி.மீ.தான் இருந்தது, நிஜத்தில் 20. அதில் பாதியைப் பொட்டே எடுத்துக்கொண்டது. மிச்சம் 6 மி.மீ., பக்கத்துக்கு மூன்றாகவாவது பிரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 2 என்று இருந்தது. பொட்டு நிஜத்தில் ஒன்றரை மி.மீ.க்கும் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. சின்னப் புள்ளிப் பொட்டு இவ்வளவு விலகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இடத்தை நிறைக்கும் பொட்டு விலகினால் ஒரு பக்க வெற்றிடம் மறுபக்கத்தைப்போல் இரண்டு மடங்காகி உடனே கண்ணில் படும்.

"கண்ணாடில நேராத்தானே மாமா இருந்துச்சு?" என்றாள் அவள். கண்ணாடியில் தினமும் பார்க்கும் இடவலம் மாறிய முகத்துக்குக் கண் பழகிவிடுகிறது, கோணலும் அதோடு பழகிவிடும். படத்தில் திருப்பிப் போட்டதும்தான் தெரியும். அவள் புருவத்தைப் பார்த்து நடுவைக் குறித்திருக்கிறாள். திரெடிங் செய்த புருவத்தில் ஒன்று உள்பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தால் அந்த நடுவும் தப்பிவிடும். அச்சில் நான் இரண்டு கண்களின் உள்மூலைகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தேன். மேலுதட்டுக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பென்சிலால் கோடு இழுத்து மேலே நீட்டினால் பொட்டு நிற்க வேண்டிய இடம் வந்துவிடும்.

சின்னப் பொட்டும் வைத்துப் பார்த்தோம், 6 மி.மீ. பொட்டு. அதைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம் தெரிந்தது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியதன் தடம். பசையில் இருக்கும் சில ரசாயனங்கள் தோலின் நிறத்தை இப்படி எடுத்துவிடும். பலர் அதை மறைக்கத்தான் பெரிய பொட்டை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு, போட்டோவுக்காகப் பழைய அளவுக்கே திரும்பினோம். வளையத்தின் மேல் சாந்து தொடாமல் கொஞ்சம் பவுடரை ஒற்றி, 10 மி.மீ. வட்டத்தைச் சாந்தாலேயே வரைந்தாள். இந்த முறை புருவ நடுவில் இல்லை. பொட்டின் கீழ்விளிம்பு புருவங்களின் மேல்விளிம்பு மட்டத்தில் நிற்கும்படி ஏற்றினாள். புருவங்கள் நெருங்கியிருப்பவர்களுக்கு நடுவில் பெரிய பொட்டு இரண்டையும் ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும், மேலே ஏறியதும் இடைவெளி தானாக விட்டுக்கொடுக்கும். அவள் நெற்றி 6 செ.மீ. உயரம், ஏறுவதற்கு இடம் இருந்தது. குட்டையான நெற்றிக்கு இந்த வழி உதவாது, முடியை முட்டும். அங்கே பொட்டைச் சின்னதாக்கியே தீர வேண்டும்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "நான்தான் சொன்னேன்ல, சின்னதா வச்சதும் எப்படி இருக்கு பாரு!"