சின்ன பாட்டிலில்தான் மருந்து அதிகம்: குழந்தைகளின் காய்ச்சல் டிராப்ஸும் சிரப்பும்

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் பாராசிட்டமால் மருந்து பெரும்பாலும் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று, 15 மி.லி. கொண்ட டிராப்ஸ் பாட்டில். மற்றொன்று, 60 மி.லி. கொண்ட சிரப் பாட்டில். ஒரே கம்பெனி, ஒரே பெயர், அட்டையில் ஒரே நிறம். பார்க்கிறவர்களுக்குச் சின்ன பாட்டிலில் இருப்பது 'லேசான' மருந்து என்றும், பெரிய பாட்டிலில் இருப்பது 'பவர்' கூடியது என்றும் தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர்.

நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் பாராசிட்டமால் டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வழக்கமான சிரப்பில் 5 மி.லி.க்குத்தான் 120 அல்லது 125 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 மி.லி. டிராப்ஸ் பாட்டில் முழுவதிலும் 1500 மில்லிகிராம் இருக்கும். 120 சிரப்பின் 60 மி.லி. பாட்டில் முழுவதிலும் 1440 மில்லிகிராம். நான்கில் ஒரு பங்கு அளவே உள்ள பாட்டிலில்தான் மருந்து சற்று கூடுதல்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கைக்குழந்தை 5 மி.லி. மருந்தை ஒழுங்காக விழுங்காது. பாதியைத் துப்பும், மீதியைக் கக்கும். அதனால் கொஞ்சம் கொடுத்தாலே போதும் என்ற அளவுக்கு மருந்தை அடர்த்தியாக்கி டிராப்ஸ் தயாரிக்கிறார்கள். பெயர் 'டிராப்ஸ்' என்றாலும் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கொடுப்பதற்கல்ல, கூடவே வரும் டிராப்பரில் உள்ள கோடு வரை எடுத்துக் கொடுப்பதற்கு. இந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது நம் எண்ணம்.

தவறு எப்படி நடக்கிறது என்பதற்கு, நடக்கக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் எடை 8 கிலோ. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். அப்படியானால் இந்தக் குழந்தைக்கு அதிகபட்சம் 120 மில்லிகிராம். டாக்டர் 120 சிரப்பை எழுதி, '5 மி.லி. கொடுங்கள்' என்கிறார். சரியான அளவுதான். மூன்று நாளில் சிரப் தீர்ந்துவிடுகிறது. இரவில் காய்ச்சல் மறுபடி வருகிறது. வாப்பா மெடிக்கலுக்குப் போய் மருந்தின் பெயரை மட்டும் சொல்கிறார். 'எத்தனை மாதக் குழந்தை?' என்று கடையில் கேட்கிறார்கள். எட்டு மாதம் என்றதும் டிராப்ஸை எடுத்துத் தருகிறார்கள். கடைக்காரர் செய்ததில் தவறில்லை, அந்த வயதுக்கு டிராப்ஸ் பொருத்தமானதுதான். ஆனால் உம்மாவின் மனதில் இருப்பது '5 மி.லி.' என்ற எண். டிராப்பரில் 1 மி.லி. வரைதான் கோடு இருக்கிறது. 'இதில் எத்தனை தடவை எடுப்பது?' என்று பழைய சிரப்பின் மூடியில் 5 மி.லி. ஊற்றி, பாலாடையில் வைத்துப் புகட்டிவிடுகிறார்.

குழந்தைக்குள் போனது 500 மில்லிகிராம். பெரியவர்கள் காய்ச்சலுக்குப் போடும் 500 மாத்திரை ஒன்றின் முழு அளவு அது. அந்தக் குழந்தைக்கு ஒரு நாளில் நான்கு வேளையும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய அளவே 480 மில்லிகிராம்தான். அதைவிடக் கூடுதலாக ஒரே வேளையில் போய்விட்டது. கொடுத்திருக்க வேண்டியது 1.2 மி.லி. மட்டும்.

இந்த ஒரு தடவையோடு தவறு பிடிபட்டால் ஈரலுக்குப் பெரிய பாதிப்பு வருவது அரிது. ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதையே கொடுத்தால் ஒரே நாளில் 2000 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 250. ஈரலைக் கெடுக்கப் போதுமான அளவு இது. 'டாக்டர் சொன்ன அளவுதானே கொடுக்கிறோம்' என்ற நம்பிக்கையில் கொடுப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதில் பயம்.

தலைகீழாகவும் நடக்கும். டிராப்ஸில் 1.2 மி.லி. கொடுத்துப் பழகிய வீட்டில், அடுத்த முறை சிரப் வந்தபோதும் அதே 1.2 மி.லி.யைக் கொடுப்பார்கள். அதில் மருந்து 29 மில்லிகிராம்கூடத் தேறாது. கொடுக்க வேண்டியதில் நான்கில் ஒரு பங்கு. காய்ச்சல் இறங்காது. 'மருந்து கேட்கவில்லை' என்று டாக்டரை மாற்றுவார்கள், அல்லது இருமல் சளி சிரப் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சளி சிரப்புகள் சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும்.

சிரப்பிலும் ஒரே பவர் என்று நினைத்துவிடக் கூடாது. 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் விற்கிறது. மூத்த பிள்ளைக்கு வாங்கிய 250 சிரப் வீட்டில் இருக்கும்போது, '5 மி.லி.' என்று சொல்லி இளையவனுக்கும் அதையே ஊற்றினால் இரண்டு மடங்காகிவிடும். வளைகுடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த பாட்டிலுக்கும் இது பொருந்தும். அங்கிருந்து ராத்தா போனில் 'நான் என் பிள்ளைக்கு இவ்வளவு மி.லி. கொடுப்பேன்' என்று சொல்வது அவர் கையில் இருக்கும் பாட்டிலுக்கு மட்டுமே சரி.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. அங்கே கைக்குழந்தைகளின் டிராப்ஸில் 0.8 மி.லி.க்கு 80 மில்லிகிராமும், பெரிய பிள்ளைகளின் சிரப்பில் 5 மி.லி.க்கு 160 மில்லிகிராமும் இருந்தன. 2011இல் மருந்துக் கம்பெனிகள் இரண்டையும் 5 மி.லி.க்கு 160 என்ற ஒரே பவருக்குக் கொண்டுவரத் தொடங்கின. பழைய பாட்டிலும் புதியதும் ஒரே நேரத்தில் கடைகளில் இருந்ததால், லேபிளைப் படித்துக் கொடுக்கும்படி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே ஆண்டு டிசம்பரில் எச்சரித்தது. நம் கடைகளில் இரண்டு பவரும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

எனவே டாக்டரிடம் 'எத்தனை மி.லி.?' என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். 'எத்தனை மில்லிகிராம், எந்த பாட்டிலில் எத்தனை மி.லி.?' என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். லேபிளில் மருந்தின் பெயருக்கு அருகே, ஒவ்வொரு 1 மி.லி.க்கும் இவ்வளவு, அல்லது ஒவ்வொரு 5 மி.லி.க்கும் இவ்வளவு என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த 1ஆ 5ஆ என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடையில் வேறு பாட்டில் தந்தால், அளவு மாறுமா என்று அங்கேயே கேளுங்கள். டிராப்பரை அதன் பாட்டிலோடு மட்டும் வையுங்கள். சிரப்புக்கு ஊசியில்லாத சிரிஞ்ச் நல்லது. வீட்டு ஸ்பூனும் சங்கும் பாலாடையும் புகட்டுவதற்கு உதவும், அளப்பதற்கு உதவாது. இரண்டு பேர் மாறி மாறி மருந்து கொடுக்கும் வீடு என்றால், கொடுத்த நேரத்தைப் பாட்டிலோடு ஒட்டிய தாளில் குறித்துவிடலாம். இரண்டு வேளைக்கு இடையே 4 மணி நேரமாவது இருக்க வேண்டும், நாளொன்றுக்கு நான்கு வேளையைத் தாண்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த பாட்டிலையும் திறக்காமல் நேரே டாக்டரிடம் போவதுதான் சரி.

அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் குழந்தை நன்றாகவே விளையாடலாம், அல்லது கொஞ்சம் வாந்தி எடுத்துச் சோர்ந்திருக்கலாம். கண் மஞ்சளாவது போன்ற ஈரல் பாதிப்பின் அடையாளங்கள் வர இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற அந்த மருந்தை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரலை மிக நன்றாகக் காப்பாற்றலாம். அதனால் வாந்தி எடுக்க வைக்கவோ விடியட்டும் என்று காத்திருக்கவோ வேண்டாம். கொடுத்த பாட்டிலையும், அளந்த மூடியையும், எத்தனை மணிக்கு எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.