18 மி.மீ. இடைவெளி

வாட்ச் ஸ்ட்ராப் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், பிறகு விலையை. ஆனால் ஸ்ட்ராப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது, வாட்ச்சின் மேலும் கீழும் நீண்டிருக்கும் இரு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். டயல் பெரிதா சிறிதா என்பதை வைத்து இதை ஊகிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அப்பா கட்டியிருந்த பழைய எச்.எம்.டி. ஜனதா ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, இரு கால்களின் உட்புறச் சுவர்களுக்கு நடுவே ஸ்கேலை வைத்தால் 18 மி.மீ. வரும். கழற்றிய பழைய ஸ்ட்ராப்பை அளந்து கடைக்காரரிடம் சொல்வதில் ஆபத்து உண்டு. பெரும்பாலான ஸ்ட்ராப்புகள் பக்கிள் பக்கம் போகப்போகக் குறுகும். 18-இல் தொடங்குவது பக்கிளில் 16 ஆகிவிடும். அந்த முனையை அளந்து 16 வாங்கி வந்தால், இரு பக்கமும் பின் தெரியும், ஸ்ட்ராப்பும் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் தோலையும் சிலிகானையும் அமுக்கி நுழைத்துவிடலாம், ஓரம் மட்டும் கசங்கும். ஸ்டீல் செயினில் அந்தச் சலுகை இல்லை.

நீளத்துக்குப் பழைய ஸ்ட்ராப்பே சாட்சி சொல்லும். எந்த ஓட்டையைச் சுற்றித் தேய்ந்திருக்கிறதோ அதில்தான் தினமும் மாட்டியிருக்கிறார்கள். நடு ஓட்டை என்றால் அதே நீளம் சரி. கைக்கு மிக இறுக்கமான கடைசி ஓட்டை என்றால் குட்டையான ஸ்ட்ராப் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பொருள்? நம் ஊர் வெயிலில் தினமும் கட்டுவதற்குத் தோலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உட்புறத் தோல் வியர்வையை உறிஞ்சி, உப்பு படிந்து, முதலில் நாற்றம் அடிக்கும். பிறகு மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும். ஆனால் ஜனதாவைப் போன்ற மெல்லிய பழைய வாட்ச்சுக்குத் தோலின் அழகு வேறெதிலும் வராது. அதை விசேஷ நாட்களுக்கு வைத்துக்கொண்டு, கழற்றியதும் டப்பாவில் போட்டு மூடாமல் காற்றில் உலரவிட்டால் நெடுநாள் உழைக்கும்.

சிலிகான் வியர்வையை உறிஞ்சாது, ஆனால் தோலுக்கும் தனக்கும் நடுவே தேக்கி வைக்கும். மணிக்கட்டில் சிவந்து அரித்தால் பெரும்பாலும் அந்த ஈரமே காரணம். ஸ்ட்ராப்பை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஓர் ஓட்டை தளர்த்திக் கட்டிப் பாருங்கள்.

ஸ்டீல் செயினுக்குக் காற்றோட்டம் அதிகம், ஆயுளும் அதிகம். ஆனால் வாட்ச்சின் விளிம்பை ஒட்டி வளைந்து உட்காரும் முனைத்துண்டு, அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அகலம் சரியாக இருந்தும் நடுவில் சந்து தெரியும். நீளத்தைக் குறைக்கும்போது பக்கிளின் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கண்ணிகளைக் கழற்றினால்தான் பக்கிள் மணிக்கட்டின் நடுவில் நிற்கும். பல செயின்களில் கண்ணியின் உட்புறத்தில் சிறு அம்புக்குறி இருக்கும். பின்னை அம்பு காட்டும் திசையில் தட்டி வெளியேற்ற வேண்டும், எதிர்த்திசையில் திரும்பச் செருக வேண்டும். சில வாட்ச்சுகளில் பின்னோடு கடுகளவு குழாய் ஒன்றும் விழும். பின்னைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். அது தொலைந்தால் பின் நகர்ந்து வந்து ஒருநாள் செயின் தெருவில் கழன்றுவிடும். ஆகவே வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள்.

தோல், சிலிகான் ஸ்ட்ராப்பை மாற்ற வாட்ச்சைத் துணிமேல் கவிழ்த்து வைத்து, கால்களில் கீறல் விழாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்னின் இரு நுனிகளும் கால்களின் உட்புறக் குழிகளில் உட்கார்ந்திருக்கும். கவை போன்ற முனையுள்ள சிறு கருவியை ஸ்ட்ராப்புக்கும் காலுக்கும் நடுவே விட்டு, பின்னின் நுனியை உள்ளே தள்ளி மேலே நெம்பினால் ஸ்ட்ராப் கழன்று வரும். மற்றொரு கையின் விரலால் பின்னை மூடிப் பிடிக்காவிட்டால் அது துள்ளி எங்கோ விழும்.

பழைய பின்னை அமுக்கிப் பாருங்கள். வியர்வையில் துருப்பிடித்துச் சரியாகத் திரும்பி வரவில்லை என்றால், ஸ்ட்ராப்போடு அதையும் புதிதாக 18 மி.மீ. நீளத்தில் வாங்குங்கள். மலிவான பொருள்தான், ஆனால் வாட்ச் கையில் நிற்பது அதனால்தான்.

மாட்டும்போது பக்கிள் உள்ள துண்டு 12 மணிப் பக்கம், ஓட்டைகள் உள்ள துண்டு 6 மணிப் பக்கம். ஒரு நுனியைக் குழியில் வைத்து, மறுநுனியை அமுக்கி மெல்ல உள்ளே நகர்த்துங்கள். குழியில் விழும்போது 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்ட்ராப்பை நன்றாக இழுத்து, இரு பக்கமும் திருகிப் பாருங்கள். ஒரு நுனி குழிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இழுப்பிலேயே கழன்றுவிடும்.