மூன்று வேலைகள், ஓர் அட்டவணை, இரண்டு விடைகள்

தெருக்குழாயில் தண்ணீர் குறைவாக வரும் நாட்களில் ஒரு கட்டுப்பாடு தானாகவே வந்துவிடும்: ஆளுக்கு ஒரு குடம். இன்னும் நான்கு குடம் வேண்டுமென்றாலும் ஒன்றை நிரப்பிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். அரைக் குடம் போதும் என்பவர் பிடித்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார், மீதி நேரம் அடுத்தவருக்கு. கணினியில் ‘ரவுண்டு ராபின்’ என்று சொல்லப்படுவது இந்த முறையேதான். குழாயின் இடத்தில் சிபியு, ஆட்களின் இடத்தில் வேலைகள், குடத்தின் இடத்தில் ‘குவாண்டம்’ என்னும் நிர்ணயித்த நேரத்துண்டு.

1960-களில் ஒரே பெரிய கணினியைப் பலர் தட்டச்சுப் பலகை வழியே ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கியபோது இந்த முறைக்குத் தேவை பிறந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961-இல் அப்படியொரு அமைப்பை இயக்கிக் காட்டியது. இன்று பொறியியல், கணினி அறிவியல் மாணவர் யாரும் ரவுண்டு ராபின் கணக்கு ஒன்றைப் போடாமல் தேர்வறையை விட்டு வெளியே வருவது அரிது. மூன்று வேலைகள், அவை வந்த நேரம், தேவைப்படும் நேரம், குவாண்டம் ஆகியவை கொடுக்கப்பட்டிருக்கும். சராசரிக் காத்திருப்பு நேரம் கேட்கப்படும். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல்தான். ஆனாலும் ஒரே கேள்விக்கு நான்கு பேர் நான்கு விடை எழுதுவதுண்டு. ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியும். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். வேலைகளுக்கு க, ச, த என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

க 0-ஆவது நொடியில் வருகிறது, அதற்கு 5 நொடி சிபியு வேண்டும். ச 1-ஆவது நொடியில் வருகிறது, 3 நொடி வேண்டும். த 2-ஆவது நொடியில் வருகிறது, 1 நொடி போதும். குவாண்டம் 2 நொடி. (நிஜக் கணினியில் இவையெல்லாம் மில்லி நொடிகளாக இருக்கும், கணக்குக்கு வசதியாக நொடி என்றே வைத்துக்கொள்வோம்.)

முதலில் க மட்டும்தான் இருக்கிறது. 0 முதல் 2 வரை ஓடுகிறது. அதற்குள் ச வந்து வரிசையில் நிற்கிறது. 2-ஆவது நொடியில் த-வும் வருகிறது. க-வுக்கு இன்னும் 3 நொடி மீதி. அது வரிசையின் கடைசிக்குப் போகிறது. இப்போது வரிசை ச, த, க. ச 2 முதல் 4 வரை ஓடி, 1 நொடி மீதியுடன் பின்னால் போகிறது. த 4 முதல் 5 வரை ஓடி முடிந்துவிடுகிறது. அதற்கு இரண்டு நொடி ஒதுக்கப்பட்டிருந்தாலும் ஒன்றுதான் தேவைப்பட்டது, மீதியைப் பிடித்துவைக்க முடியாது. பிறகு க, ச, மறுபடி க. முழுதாக எழுதினால்:

```
0-2 க | 2-4 ச | 4-5 த | 5-7 க | 7-8 ச | 8-9 க
```

க 9-இலும், ச 8-இலும், த 5-இலும் முடிகின்றன. ஒரு வேலை வந்த நொடியிலிருந்து முடிந்த நொடி வரை உள்ளே இருந்த மொத்த நேரத்தில், ஓடிய நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது காத்திருப்பு. க: 9 - 0 - 5 = 4. ச: 8 - 1 - 3 = 4. த: 5 - 2 - 1 = 2. கூட்டினால் 10, மூன்றால் வகுத்தால் 3.33.

இதே நேரக்கோட்டை வைத்துக்கொண்டு வேறு விடை எழுதுகிறவர்கள் இரண்டு விதம். முதல் வகையினர், வேலை முதன்முதலில் சிபியுவைத் தொட்ட நேரத்தோடு காத்திருப்பு முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அப்படிப் பார்த்தால் க-வுக்கு 0, ச-வுக்கு 1, த-வுக்கு 2, சராசரி 1. இது உண்மையில் வேறோர் அளவு; ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்று அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. ரவுண்டு ராபினில் ஒரு வேலை ஓடி, இறங்கி, மறுபடியும் மறுபடியும் வரிசையில் நிற்கிறது. அந்த நிற்றலெல்லாம் காத்திருப்பில் சேர வேண்டும்.

இரண்டாம் வகையினர் வந்த நேரத்தைக் கழிக்க மறக்கிறார்கள். முடிந்த நேரத்திலிருந்து ஓடிய நேரத்தை மட்டும் கழித்தால் 4, 5, 4 என்று வரும், சராசரி 4.33. சரியான விடையைவிட மிகச் சரியாக 1 அதிகம். அந்த 1 தற்செயல் இல்லை. வந்த நேரங்கள் 0, 1, 2. அவற்றின் சராசரி 1. இந்தத் தவறைச் செய்தால் எந்தக் கணக்கிலும் விடை, வந்த நேரங்களின் சராசரி அளவுக்குக் கூடியே வரும். ஒருவர் எழுதிய விடைக்கும் சரியான விடைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்தே அவர் எங்கே சறுக்கினார் என்று ஆசிரியர் சொல்லிவிடலாம்.

இந்தத் தவறு இவ்வளவு பரவலாக இருப்பதற்குப் பாடப்புத்தக உதாரணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே எழுதிய, உலகெங்கும் பாடமாக இருக்கும் இயங்குதளப் புத்தகத்தில் ரவுண்டு ராபினுக்கு வரும் உதாரணத்தில் மூன்று வேலைகள்: 24, 3, 3 மில்லி நொடி, குவாண்டம் 4. மூன்றும் 0-இலேயே வந்துவிடுகின்றன. காத்திருப்பு 6, 4, 7. சராசரி சுமார் 5.67. விடை சரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாமே 0-இல் வருவதால், வந்த நேரத்தைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒரே விடைதான். அதோடு, இரண்டாவது மூன்றாவது வேலைகள் ஒரே சுற்றில் முடிந்துவிடுவதால், முதலில் தொட்ட நேரத்தையே காத்திருப்பாக எழுதினாலும் அந்த இரண்டு வரிகளும் சரியாக வந்துவிடும். முதல் வேலை ஒன்றில்தான் பிழை தெரியும். தவறான சூத்திரத்தைக் கற்றுக்கொண்டவருக்கு இந்த உதாரணம் அதைக் காட்டிக்கொடுக்காது.

அப்படியானால் ஓர் அட்டவணையின் சராசரி சரியா என்று எப்படிச் சோதிப்பது? அதே சூத்திரத்தை இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. அதே தவறு மறுபடி நடக்கும். வேறு திசையிலிருந்து எண்ண வேண்டும். வேலை வேலையாகப் போகாமல் நொடி நொடியாகப் போய், ஒவ்வொரு நொடியிலும் வந்துவிட்ட, ஆனால் ஓடாமல் நிற்கிற வேலைகள் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். நம் கணக்கில் முதல் நொடியில் யாரும் இல்லை: 0. இரண்டாவதில் ச மட்டும்: 1. அடுத்த இரண்டு நொடிகளில் ச ஓட, த-வும் க-வும் நிற்கின்றன: 2, 2. த ஓடும் நொடியில் க-வும் ச-வும்: 2. க ஓடும் இரண்டு நொடிகளில் ச மட்டும்: 1, 1. ச ஓடும் நொடியில் க மட்டும்: 1. கடைசி நொடியில் யாருமில்லை: 0. மொத்தம் 10. வேலை வாரியாக வந்த 4 + 4 + 2-வும் அதே 10. இரண்டும் ஒத்துப்போனால் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நேரக்கோடு சரி என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்த கணக்கு சரியா என்பதை மட்டும்தான் இது சொல்லும். நேரக்கோடே தவறாக இருந்தால் இரண்டு கூட்டலும் ஒத்துப்போய், விடை தவறாகவே நிற்கும். உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

2-ஆவது நொடிக்குத் திரும்பிப் போவோம். அந்த ஒரே கணத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன: புதிதாக த வருகிறது, குவாண்டம் தீர்ந்த க கடைசிக்குப் போகிறது. யார் முன்னால், யார் பின்னால்? மேலே நான் த-வை முன்னால் நிறுத்தினேன். குடத்தை நிரப்பிக்கொண்டு கடைசிக்கு நடக்கிறவரும், அப்போதுதான் தெருமுனையிலிருந்து வருகிறவரும் ஒரே நேரத்தில் வரிசையின் கடைசியை எட்டினால் புதியவருக்கு இடம் விடுவது போல. ஆனால் க-வை முன்னால் நிறுத்தினால்?

```
0-2 க | 2-4 ச | 4-6 க | 6-7 த | 7-8 ச | 8-9 க
```

க-வும் ச-வும் முன்பு போலவே 9-இலும் 8-இலும் முடிகின்றன. த மட்டும் 5-க்குப் பதில் 7-இல் முடிகிறது. காத்திருப்பு 4, 4, 4, சராசரி 4. ஒரே கேள்வி, ஒரே முறை, பிழையில்லாத கூட்டல். ஆனாலும் 3.33-உம் 4-உம். இவற்றில் ஒன்று தவறு என்று ரவுண்டு ராபினின் இலக்கணத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த இலக்கணம் ‘கடைசிக்குப் போ’ என்கிறது, சமநேரத்தில் என்ன செய்வதென்று சொல்வதில்லை. புதியவருக்கு முதலிடம் என்பது வகுப்பறைகளில் பெரிதும் பின்பற்றப்படும் வழக்கம். வழக்கம் என்பதால் அதைக் கேள்வியில் எழுதிவிடுவதே நியாயம். எழுதாத கேள்வித்தாளில் 4 என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது அநீதி.

கணக்கைக் கையால் போடாமல் நிரலாக எழுதுகிறவர்களுக்கு இதே சிக்கல் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். ஒரு வேலை தன் துண்டு நேரத்தை ஓடி முடித்த உடனே வரும் பகுதி பைத்தானில் இப்படி இருக்கும்:

```python
t = t + run
while arrivals and arrivals[0].at <= t:
    queue.append(arrivals.pop(0))
if p.left > 0:
    queue.append(p)
```

முதலில் அதுவரை வந்த புதியவர்களை வரிசையில் சேர்த்துவிட்டு, பிறகு ஓடி முடித்த வேலையைச் சேர்க்கிறது. நம் கணக்குக்கு 3.33 தரும். கடைசி இரண்டு வரிகளை `while`-க்கு மேலே தூக்கிப் போட்டால் 4 வரும். வரிசையை மாற்றவே வேண்டாம். `<=` என்பதை `<` என்று எழுதினாலே போதும். 2-ஆவது நொடியில் வந்த த அந்தக் கணத்தில் கண்ணில் படாமல், 4-ஆவது நொடியில்தான் வரிசையில் சேரும். அதற்குள் க முந்திவிடும், மறுபடியும் 4. பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் நன்றாகவே ஓடும். அதனால் சோதனைக்குக் கொடுக்கும் கணக்கில், ஒரு வேலையாவது குவாண்டம் தீரும் அதே கணத்தில் வரும்படி வேண்டுமென்றே வைக்க வேண்டும். எல்லாம் 0-இல் வரும் பாடப்புத்தகக் கணக்கைக் கொடுத்துச் சோதித்தால் மூன்று வடிவங்களும் ஒரே விடை தரும்.

கையால் போடுகிறவர்களுக்கு நேரக்கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வரிசையில் யார் யார் எந்த முறையில் நிற்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே போவதுதான் வழி. 2-இல் ச, த, க. 4-இல் த, க, ச. 5-இல் க, ச. 7-இல் ச, க. 8-இல் க. இதை எழுதாமல் மனத்திலேயே வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு சுற்றுக்குப் பிறகு க, ச, த என்ற பெயர் வரிசைக்கே தாவிவிடுகிறார்கள்.

சரி, 3.33 என்பது சரியாக வந்துவிட்டது. அது எதைச் சொல்கிறது? இதே மூன்று வேலைகளைக் குவாண்டமே இல்லாமல், வந்த முறைப்படி ஒவ்வொன்றாக முடித்தால் க 5-இலும், ச 8-இலும், த 9-இலும் முடியும். காத்திருப்பு 0, 4, 6. கூட்டினால் 10, சராசரி 3.33. ரவுண்டு ராபினுக்கு வந்த அதே எண். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு முறைகளும் ஒன்றுதான். ஆனால் ஒரே ஒரு நொடி வேலையோடு வந்த த, அங்கே 6 நொடி நிற்கிறது, இங்கே 2 நொடி. ஐந்து நொடி வேலையோடு வந்த க அங்கே நிற்கவே இல்லை, இங்கே 4 நொடி நிற்கிறது. வேலை மாற்றங்களும் அங்கே இரண்டு, இங்கே ஐந்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிஜக் கணினி கொஞ்சம் நேரம் செலவழிக்கும், நம் அட்டவணை அதை 0 என்று வைத்துக்கொண்டது. ஆகவே விடைத்தாளில் 3.33-க்குப் பக்கத்தில் 4, 4, 2 என்ற மூன்று எண்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அட்டவணைக்கு மேலே சமநேர விதி ஒரு வரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.