பிடிஎஃப் ஆனதும் உடையும் தமிழ்

சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கில் என் பக்கத்து வீட்டு டீச்சர் ஒருவர் முதுகலை ஆய்வேடு எழுதினார். உரை மலாயில், எடுத்துக்காட்டுகள் தமிழில். எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12 என்பது அவருடைய பல்கலைக்கழகத்தின் விதி. வீட்டு மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. நகல் கடையில் கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆக்கியபோது தமிழ் எழுத்தின் வடிவம் மாறியது. பொருளடக்கத்தில் 64 என்றிருந்த அத்தியாயம் 67ஆம் பக்கத்துக்குப் போனது. பின்னிணைப்பில் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று இருந்தது.

இரண்டுமே தமிழ் உடைந்தது போலத்தான் தெரியும். ஆனால் இவை வெவ்வேறு கோளாறுகள், மருந்தும் வேறு.

கணினி தேடும் மாற்று எழுத்துரு

டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்துகளே இல்லை. தமிழ் தட்டும்போது வேர்ட் வேறோர் எழுத்துருவிலிருந்து எழுத்தை எடுத்துக் காட்டுகிறது. பழைய விண்டோஸில் அது பெரும்பாலும் லதா. விண்டோஸ் 10இல் லதா தானாக வருவதில்லை. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிர்மலா யூஐ அந்த இடத்துக்கு வரும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் வரி உயரம் வேறு. வரிக்கு வரி சிறிது கூடினாலும் நூறு பக்கத்தில் அது சில பக்கங்களாகிவிடும். டீச்சரின் மடிக்கணினியில் லதா இருந்தது, கடைக் கணினியில் இல்லை.

தீர்வு, தேர்வைக் கணினியிடம் விடாமல் நாமே செய்வதுதான். முதலில் `File > Options > Language` சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு `Normal` பாணியின் மேல் வலப்பக்கச் சொடுக்கு, `Modify > Format > Font`. அங்கே `Complex scripts` என்ற தனிப் பகுதி தெரியும். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான். மேலே டைம்ஸ் நியூ ரோமன் 12 அப்படியே இருக்கட்டும், கீழே நிர்மலா யூஐ போன்ற ஒன்றைப் போடுங்கள். தமிழ் எழுத்து பார்வைக்குப் பெரிதாகத் தெரிவதால் டீச்சர் 10.5 வைத்தார். முடிந்ததும் பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

`jkpo;` என்பது எழுத்துருவின் கோளாறல்ல

பின்னிணைப்பில் இருந்தவை பழைய நேர்காணல் குறிப்புகள், பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். `j` என்ற இடத்தில் 'த' என்று வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யுனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் 1991 முதலே உண்டு. அதனால் 'த' எந்தக் கணினியிலும் 'த'வாகவே இருக்கும்.

இங்கே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, உரையையே மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி இதைச் செய்யும். ஆனால் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் போட்டுவிடக் கூடாது. பாமினியும் மலாயும் ஒரே எழுத்துகளைப் பயன்படுத்துவதால் `anak` என்ற மலாய்ச் சொல்கூட 'யயெம' ஆகிவிடும். டீச்சர் தமிழ்ப் பத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினார். ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

அச்சிடும் முன் மூன்று சோதனை

ஆய்வேட்டை உங்கள் சொந்தக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்குங்கள். கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோக வேண்டாம். `Save As > PDF` சென்று `Options` பகுதியில் `PDF/A compliant` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகைக் கோப்பில் எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும் என்பது விதி.

பிறகு அடோபி ரீடரில் `File > Properties > Fonts` பாருங்கள். தமிழ் எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் `Embedded Subset` என்றிருந்தால் எந்தக் கணினியிலும் அதே வடிவம் தெரியும்.

கடைசியாக, பிடிஎஃபில் 'மரம்', 'பெண்' என்ற இரு சொற்களைத் தேடுங்கள். 'மரம்' கிடைத்து, கண்ணெதிரே இருக்கும் 'பெண்' கிடைக்காவிட்டால் வியக்க வேண்டாம். பிடிஎஃப் எழுத்துகளைப் பார்வை வரிசையில் வைக்கிறது. யுனிகோடில் 'ப'வுக்குப் பின்னால் இருக்கும் கொம்பு அங்கே முன்னால் போய்விடலாம். அச்சில் இதனால் குறையில்லை. ஆனால் தேடலும் நகலெடுத்து ஒட்டுவதும் தடுமாறும். எழுத்துருவைப் பதித்தாலும் இது எப்போதும் சரியாவதில்லை. ஆகவே நூலகத்துக்கோ மேற்பார்வையாளருக்கோ கொடுக்கும்போது வேர்ட் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள். பிறகு யாராவது உங்கள் எடுத்துக்காட்டுகளைத் தேடினால் அதில் கிடைக்கும்.