பில் எந்த மேசையில் நின்றது?

சரக்கு கொடுத்தவருக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால், பர்ச்சேஸ்காரர்கள் அக்கவுண்ட்ஸைக் கைகாட்டுவார்கள். அக்கவுண்ட்ஸ் ஸ்டோர்ஸைக் காட்டும். ஸ்டோர்ஸில் கேட்டால் பில்லே சரியில்லை என்பார்கள். இந்தப் பஞ்சாயத்துக்கான சாட்சி கம்பெனியின் ஈஆர்பி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்டர் போடுவது, சரக்கு வரவு வைப்பது, பில்லை ஏற்றுவது என ஒவ்வொரு வேலையும் முடியும்போது எந்த ஆர்டர், என்ன வேலை, எத்தனை மணிக்கு, யார் செய்தது என்பது அதில் பதிவாகிவிடுகிறது. அந்தப் பதிவுகளை ஆர்டர் வாரியாக நேர வரிசையில் அடுக்கி, வேலை உண்மையில் எந்த வழியில் போனது என்று வரைபடமாக எடுப்பதுதான் பிராசஸ் மைனிங். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களின் இறுதியில் தொடங்கிவைத்த ஆராய்ச்சி இது.

அந்நாட்டிலிருந்து இயங்கும் ஒரு பெயிண்ட் நிறுவனம், 2019இல் நடந்த ஆய்வுப் போட்டி ஒன்றுக்காகத் தன் கொள்முதல் பதிவுகளை, ஊழியர் பெயர்களை மறைத்து, வெளியிட்டது. ஏறத்தாழ 16 லட்சம் பதிவுகள். 76,349 ஆர்டர்களுக்குள் 2,51,734 வரிகள். கணக்கு ஆர்டருக்கு அல்ல, வரிக்குத்தான். ஒரே ஆர்டரில் கேட்ட ஐந்து பொருள்கள் ஐந்து வெவ்வேறு நாளில் வரலாம் அல்லவா? அதனால் ஒவ்வொரு வரியும் தனிப் பயணம்.

இந்த வரைபடத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பில் ஏறிய நாளுக்கும் பணம் போன நாளுக்கும் நடுவே உள்ள அம்பு நீளமாக, சிவப்பாகத் தெரியும். ஆனால் 30 நாள் அல்லது 60 நாள் தவணை என்று பேசியே வாங்கியிருந்தால் அந்தக் காத்திருப்பு தாமதமே அல்ல. கெடுவைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பார்க்க வேண்டும்.

ஒரு வரியைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். பில் தேதி ஜனவரி 12, தவணை 30 நாள். ஆக, பிப்ரவரி 11க்குள் பணம் போக வேண்டும். ஜனவரி 15 அன்று அக்கவுண்ட்ஸ் பில்லை ஏற்றுகிறது. ஸ்டோர்ஸ் இன்னும் வரவு வைக்கவில்லை. ஆர்டர், வரவு, பில் மூன்றும் ஒத்துப்போகாததால் மென்பொருள் தானாகவே பணத்தை நிறுத்திவைக்கிறது. ஜனவரி 20 அன்று வரவு ஏறிவிடுகிறது, அளவும் சரி. ஆனால் தடை விலகுவது பிப்ரவரி 14 அன்று. பணம் போவது 20ஆம் தேதி. கெடுவுக்கு மேல் ஒன்பது நாள்.

முதல் பார்வைக்கு ஸ்டோர்ஸ்தான் குற்றவாளி. ஆனால் ஸ்டோர்ஸ் எடுத்துக்கொண்டது ஐந்து நாள்தான். தடைக்கான காரணம் தீர்ந்த பிறகும் பில் 25 நாள் சும்மா கிடந்திருக்கிறது. எஸ்ஏபி மென்பொருளில் அளவு சரியானவுடன் தடை தானே விலகிவிடாது; `MRBR` என்ற வேலையை ஓட்டினால்தான் காரணம் தீர்ந்த தடைகள் நீங்கும். அதைத் தினமும் இரவில் தானாக ஓடும்படி வைக்காத இடத்தில், யாராவது ஞாபகம் வந்து உட்கார்ந்து செய்யும்வரை பில் அங்கேயே நிற்கும். ஆயிரக்கணக்கான வரிகளில் `Record Goods Receipt` என்பதற்கும் `Remove Payment Block` என்பதற்கும் நடுவே இதே இடைவெளி விழுந்தால், சரிசெய்ய வேண்டியது ஆளை அல்ல, அந்த இரவு வேலையை. ஊழியர் எண்ணும் பதிவில் இருப்பதால் ஆளைப் பிடிக்கும் ஆசை மேலாளர்களுக்கு வரத்தான் செய்யும். அதை முளையிலேயே அடக்குவது நல்லது. பயந்தவர்கள் அடுத்த மாதம் முதல் பதிவையே வேறு மாதிரி போடத் தொடங்கிவிடுவார்கள்.

பதிவுகளை அப்படியே நம்பவும் கூடாது. பெயிண்ட் நிறுவனத்தின் தரவில் 1948ஆம் ஆண்டுத் தேதிகளும் கிடக்கின்றன. யாரோ தவறாகத் தட்டியதாகத்தான் இருக்க வேண்டும். விற்றவர் பில் போட்டதைக் குறிக்கும் பதிவுகளில் மணி நேரமே இல்லை, தேதி மட்டும்தான். ஆகவே அதே நாளில் நடந்த மற்ற வேலைகளுக்கு முன்னா பின்னா என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே பில்லில் 40 வரிகள் இருந்தால், அதன் தாமதம் 40 தடவை எண்ணப்பட்டுச் சராசரியை வீங்கவைக்கும்.

எனக்குப் பெரிய தொல்லையாகத் தோன்றுவது சரக்கு வரவுதான். எஸ்ஏபியில் அதற்கு இரண்டு தேதிகள் உண்டு: கணக்குக்காக ஊழியர் போடும் தேதி ஒன்று, அவர் கணினியில் தட்டிய நாள் இன்னொன்று. முன்னதைப் பின்தேதியிட்டு மாற்றலாம். எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஸ்டோர்ஸின் தாமதம் தெரியும், அல்லது மறையும். தட்டிய நாளை எடுப்பதே சரி. அப்படியும் லாரி வந்து நின்ற நேரம் ஈஆர்பியில் இருக்காது. அதற்கு வாசலில் செக்யூரிட்டி எழுதும் நோட்டை வாங்கி, இருபது முப்பது வரவுகளையாவது கையால் ஒத்துப்பார்க்க வேண்டும்.