பத்து மாதத்தில் எட்டுப் பாட்டு: புதிய சேர்ந்திசைக் குழுவின் ஆண்டுத் திட்டம்

குடியிருப்பிலோ ஊர் நூலகத்திலோ புதிதாகக் கூடும் சேர்ந்திசைக் குழு, ஆண்டைத் தையில் தொடங்காமல் பொங்கல் முடிந்தபின் மாசியில் தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டில் மேடைகள் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. நவராத்திரி, காந்தி ஜயந்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ், மார்கழி, பொங்கல் எல்லாம் புரட்டாசிக்கும் தைக்கும் இடையே நெருங்கி நிற்கின்றன. மாசியில் தொடங்கும் குழுவுக்கு, அந்த நெரிசலுக்கு முன் ஏழு மாதப் பயிற்சி கிடைக்கிறது.

வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடும் இருபது பேருக்கு ஒரு புதிய பாடல் நெஞ்சில் பதிய ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். ஆகவே பண்டிகைக்கு ஒரு பாடல் என்று தேடத் தொடங்காமல், விழா நாளிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணித் தொடக்க நாளைக் குறிக்க வேண்டும். அப்படி எண்ணினால் எட்டுப் பாடல்களுக்கு மேல் இடமிருக்காது. அவற்றில் சில இரண்டு மேடைகளுக்குப் பயன்படவும் வேண்டும்.

பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் உச்ச சுரத்தை முதலில் பார்க்க வேண்டும். தனியாகப் பாடும்போது ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையிலும் பெண்கள் 5 கட்டையிலும் பாடுவார்கள். சேர்ந்து பாடும்போது இருவருக்கும் ஒரே கட்டைதான். ஆண் குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். நடு சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் இடையே அடங்கும் பாடலை 1 கட்டையில் இருபாலாரும் சிரமமின்றிப் பாடலாம். மேல் காந்தாரம் வரை ஏறும் பாடலுக்குச் சுருதியை இறக்கினால் அடிச் சுரங்கள் சிலருக்கு எட்டாமல் போகும். அத்தகைய பாடலை முதல் ஆண்டில் தவிர்ப்பதே நல்லது. தோடி, ஆகிரி போலக் கமகத்தையே உயிராகக் கொண்ட ராகங்களும் காத்திருக்கட்டும். இருபது தொண்டைகளின் அசைவு ஒத்துப்போகாமல் சுரம் கலங்கிவிடும்.

மாசி, பங்குனிக்கு ஏற்றது தமிழ்த்தாய் வாழ்த்து. மோகன ராகத்தில் அமைந்த இப்பாடல் 2021-இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாட 55 விநாடி ஆகும். பள்ளியில் பாடிய பழக்கம் இருப்பதால் சொல்லையும் மெட்டையும் கற்க வேண்டியதில்லை. ஒரே சுருதியில் நிற்பதற்கும் ஒரே இடத்தில் மூச்சு விடுவதற்கும் முழு நேரத்தையும் தரலாம். சித்திரை முதல் நாள் இதுவே முதல் மேடை.

சித்திரை, வைகாசியில் விடுமுறையால் வருகை பாதியாகும். கும்மிப் பாட்டு அப்போதைக்குப் பொருந்தும். சுரம் குறைவு, கைதட்டலே தாளம், வராதவரும் பின்னர் எளிதில் சேர்ந்துகொள்ளலாம். அதே பாட்டு பொங்கலுக்கும் உதவும். ஆனியில் நடவுப் பாட்டைத் தொடங்கினால் ஆடிப்பெருக்குக்குத் தயாராகிவிடும். ஒருவர் முன்பாட மற்றவர் வாங்கிப் பாடும் முறை அதில் பழகும். ஆனிக் கடைசியில் தொடங்கும் பாரதியார் பாடல் ஒன்று ஆகஸ்ட் 15-க்கும், அவரது நினைவு நாளான செப்டம்பர் 11-க்கும் ஆகும்.

ஆவணியில் இரண்டு குரலுக்கான பயிற்சி தொடங்கலாம். ஓர் அணி மோகனத்தின் ஆரோகணமான 'ஸ ரி க ப த ஸ'வைப் பாடிச் செல்ல, அது காந்தாரத்தைத் தொடும்போது மற்ற அணி சட்ஜத்தில் தொடங்க வேண்டும். அடுத்தடுத்த அரைச்சுரங்கள் இந்த ராகத்தில் இல்லாததால் இரு வரிசைகளும் உரசாமல் இணையும்.

நவராத்திரிக்கும் காந்தி ஜயந்திக்கும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் ஒன்று பொதுவாக நிற்கும். எல்லாச் சமயத்தாரும் பாடவென்றே அவர் இயற்றியவை அவை. ஐப்பசி மழையில் கூட்டம் தடைபடலாம் என்பதால் கிறிஸ்துமஸ் கீர்த்தனையைப் புரட்டாசிக் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும். கார்த்திகையில் புதிதாகச் சேர்க்க வேண்டியவை இரண்டு திருப்பாவைப் பாசுரங்கள் மட்டுமே. தீபாவளிக்குத் தனிப்பாடல் வேண்டாம், கற்றவற்றிலிருந்தே பாடலாம்.

திட்டம் சரியாகப் போகிறதா என்பதைச் சுருதிப் பெட்டி சொல்லிவிடும். பாடத் தொடங்கியதும் பெட்டியை நிறுத்தி, முடிந்ததும் மீண்டும் இயக்க வேண்டும். குழு கீழே இறங்கியிருந்தால், பாடல் உயரமாக இருக்கிறதா, மூச்சு விடும் இடம் தவறா என்று முதலில் பார்க்க வேண்டும். அரைக் கட்டை இறக்கிப் பாடியும் சரிவு நிற்காவிட்டால் மூச்சிடங்களை மாற்றிக் குறிக்க வேண்டும். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதும் தாள் பார்க்காமல் பாட முடியாத பாடலை அந்த மேடையிலிருந்து எடுத்துவிட்டு, பழைய பாடல் ஒன்றை அங்கே வைக்க வேண்டும்.