மரம் நான்கு நாள் தாமதமானால் ஜன்னல் எத்தனை நாள் பிந்தும்?

'கேட்' தேர்வின் சிவில் தாளிலும், திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வு நூல்களிலும் இப்படி ஒரு கேள்வி வரும்: ஒரு வேலையின் டோட்டல் ஃப்ளோட் 5 நாள், ஃப்ரீ ஃப்ளோட் 2 நாள், அது 4 நாள் தாமதமானால் அடுத்த வேலை எத்தனை நாள் தள்ளிப்போகும்? டோட்டல் ஃப்ளோட்டுக்குள்தானே தாமதம் இருக்கிறது என்று 'பூஜ்யம்' எனக் குறிப்பவர்கள் பலர். தாமதம் அப்படியே கடந்துபோகும் என நினைப்பவர்கள் 4 என்பார்கள். சரியான விடை 2. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சின்ன வீடு ஒன்றின் கணக்கில் பார்க்கலாம்.

அஸ்திவாரம் போட 4 நாள். அது முடிந்ததும் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்குகின்றன: சுவர் எழுப்பிக் கூரை போட 12 நாள், ஜன்னலுக்கு மரம் வாங்கி இழைக்க 3 நாள், இரும்பு கிரில் செய்ய 5 நாள். மரமும் கிரிலும் கைக்கு வந்த பிறகுதான் தச்சர் ஜன்னலைச் சேர்க்க முடியும். அதற்கு 4 நாள். சுவரும் ஜன்னலும் தயாரானால், மாட்டிப் பூசி முடிக்க 5 நாள்.

முதலில் முன்னோக்கிக் கணக்குப் போடுவோம். சுவரும் கூரையும் 16ஆம் நாள் முடியும். மரம் 7ஆம் நாளும் கிரில் 9ஆம் நாளும் தயார். இரண்டில் பிந்தியதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் ஜன்னல் வேலை 9இல் தொடங்கி 13இல் முடியும். மாட்டும் வேலை சுவருக்காக 16 வரை காத்திருந்து 21இல் முடியும். வீட்டுக்கு 21 நாள்.

இனிப் பின்னோக்கி. மாட்டும் வேலை 16ஐத் தாண்டாமல் தொடங்க வேண்டுமானால், ஜன்னல் கடைசியாக 16இல் முடியலாம். அப்படியானால் 12இல் தொடங்கினால் போதும். எனவே மரம் 12 வரை வரலாம். அது 7ஆம் நாளே தயாராகிவிடுவதால் இடைவெளி 5 நாள். இதுதான் டோட்டல் ஃப்ளோட், அதாவது வீடு முடியும் தேதியைக் கெடுக்காத எல்லை. ஃப்ரீ ஃப்ளோட் வீட்டைப் பார்ப்பதில்லை, தச்சரைத்தான் பார்க்கிறது. அவர் 9ஆம் நாள் தொடங்கக் காத்திருக்கிறார், மரம் 7இல் தயார், ஆகவே 2 நாள்.

இப்போது மரம் 4 நாள் பிந்தட்டும். அது 11இல் வரும். 9இல் தொடங்க வேண்டிய தச்சர் 11இல் தொடங்குவார். முதல் 2 நாளை ஃப்ரீ ஃப்ளோட் விழுங்கிவிட்டது. மீதி 2 நாள்தான் ஜன்னலைத் தொட்டது. ஜன்னல் 15இல் முடிகிறது, மாட்டும் வேலை வழக்கம்போல 16இல் தொடங்குகிறது, வீடு தாமதமாகவில்லை. மரம் 7 நாள் பிந்தினால் கதை வேறு: 14இல் வந்து, ஜன்னல் 18இல் முடிந்து, வீடு 2 நாள் தள்ளிப்போகும். ஆக, அடுத்த வேலையைப் பற்றிக் கேட்டால் தாமதத்திலிருந்து ஃப்ரீ ஃப்ளோட்டைக் கழியுங்கள். திட்டத்தைப் பற்றிக் கேட்டால் டோட்டல் ஃப்ளோட்டைக் கழியுங்கள். கழித்து வருவது எதிர்ம எண்ணானால் விடை பூஜ்யம்.

வினாவில் அடுத்த வேலைகள் இரண்டு இருந்தால் கவனம் தேவை. ஃப்ரீ ஃப்ளோட் அவற்றுள் முந்தித் தொடங்கும் வேலையை வைத்தே கணக்கிடப்படும். அதனால் அது முதலில் இடிபடும் வேலைக்கு மட்டுமே சரியான விடை தரும். மற்றதற்கு அதன் தொடக்க நாளை எடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். நாள்களை 0இலிருந்து எண்ணாமல் 1இலிருந்து எண்ணும் வினாக்களும் உண்டு. அவற்றில் அடுத்ததன் தொடக்கத்திலிருந்து முந்தையதன் முடிவைக் கழித்தபின் இன்னொரு 1 கழிக்க வேண்டும்.

கடினமான வினாக்கள் இரண்டு தாமதங்களைச் சேர்த்துத் தரும். மரம் 4 நாள் பிந்துகிறது, ஜன்னல் சேர்க்கவும் 4 நாளுக்குப் பதில் 6 நாள் ஆகிறது. அட்டவணையில் ஜன்னலின் டோட்டல் ஃப்ளோட் 3. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தாமதங்களும் எல்லைக்குள்தான். ஆனால் ஜன்னல் 11இல் தொடங்கி 17இல் முடியும். வீடு ஒரு நாள் தாமதம். டோட்டல் ஃப்ளோட் அந்த வேலைக்கு மட்டும் சொந்தமானதல்ல, அந்தப் பாதையிலுள்ள வேலைகளின் பொதுச் சொத்து. மரம் 2 நாளை எடுத்துக்கொண்டதும் ஜன்னலுக்கு மிஞ்சியது ஒரே நாள். அதே வேளையில் கிரிலின் ஃப்ரீ ஃப்ளோட் பூஜ்யத்திலிருந்து 2ஆக உயர்ந்துவிடுகிறது, ஏனெனில் தச்சர் இப்போது 11இல்தான் தொடங்குகிறார். தாமதத்துக்குப் பிந்தைய ஃப்ளோட்டைக் கேட்கும் வினாக்களில் பழைய அட்டவணையை விட்டுவிட்டு, முன்னோக்கிக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியது இதனால்தான்.